ஆளுக்கு ஆறு நிமிடம்

லண்டனில் நான் ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளியில் ஜூலை முதல் வாரத்தைப் பன்னிரண்டாம் ஆண்டு மாணவர்கள் பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு அனுப்பும் பெர்சனல் ஸ்டேட்மென்டுக்கு என்றே ஒதுக்கிவிடுவோம். தேர்வுகள் முடிந்திருக்கும், கோடை விடுமுறைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். செப்டம்பரில் பதின்மூன்றாம் ஆண்டு தொடங்கியதுமே பல்கலைக்கழக விண்ணப்பம் கழுத்தைப் பிடிக்கும் என்பதால், முதல் வரைவையாவது கையில் கொடுத்துத்தான் பிள்ளைகளை விடுமுறைக்கு அனுப்புவோம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று ஐந்து நாள். வகுப்பில் 24 பேர். இந்த வாரத்தை எப்படி அமைக்கிறேன், ஏன் அப்படி என்பதை எழுதி வைக்கச் சொல்லி வேறு பள்ளிகளில் இருக்கும் இரண்டு தமிழ் ஆசிரியைகள் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது.

பிரிட்டனுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இங்கே முழுநேர இளநிலைப் படிப்புக்கு யூகாஸ் என்ற ஒரே அமைப்பு வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஐந்து படிப்புகள் வரை தேர்ந்தெடுக்கலாம். ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஸ்டேட்மென்ட்தான் போகும். முன்பெல்லாம் அது ஒரே நீளக் கட்டுரையாக இருந்தது. 2026இல் படிப்பு தொடங்குபவர்களிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். இந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறாய்? பள்ளியில் படித்தது உன்னை இதற்கு எப்படித் தயார்செய்தது? பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய், அது ஏன் பயன்படும்? ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350 எழுத்துகள். மூன்றும் சேர்ந்து 4000 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. இடைவெளியும் அந்தக் கணக்கில் சேரும். ஆங்கிலத்தில் ஏறக்குறைய அறுநூறு சொற்கள் வரும்.

அமெரிக்க விண்ணப்பக் கட்டுரை வேறு சாதி. அங்கே 650 சொற்களில் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு கதை சொல்ல இடம் உண்டு. இங்கே படிப்பைப் பற்றித்தான் பேச வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அழகான மாதிரிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்கு எழுதப்பட்டவை என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் பாட்டி வீட்டு மாமரத்தில் தொடங்கி, பொருளாதாரம் என்ற சொல் வருவதற்குள் பாதி இடத்தைத் தீர்த்துவிட்டு வந்து நிற்பார்கள்.

இந்தத் திட்டம் எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் நான் சிவப்புப் பேனாவோடு வீட்டில் உட்கார்ந்து இருபத்து நான்கு வரைவுகளையும் திருத்திக் கொடுத்தேன். இரண்டு வார இறுதிகள் போயின. எல்லாம் முடிந்தபின் ஒரே மூச்சில் படித்துப் பார்த்தபோது பயந்துவிட்டேன். பொறியியல் பையனும் வரலாற்றுப் பெண்ணும் ஒரே மாதிரி வாக்கியத்தைத் தொடங்கி, ஒரே இடத்தில் மூச்சு வாங்கி, ஒரே மாதிரி முடித்திருந்தார்கள். அது என்னுடைய நடை. பிள்ளைகள் எழுதியதில் எது அவர்களுடையதாக இருந்ததோ அதைத்தான் நான் முதலில் அடித்திருந்தேன், வாக்கியம் சற்றுக் கோணலாக இருந்தது என்பதற்காக. அன்றிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வாரத்தில் மாணவரின் தாளில் என் பேனா படக் கூடாது. அவர்கள் எழுதியதைப் படிப்பவருக்கு எங்கே தெளிவாகத் தெரிகிறது, எங்கே மங்குகிறது என்பதை அவர்கள் காதாலேயே கேட்க வேண்டும். மற்ற ஏற்பாடெல்லாம் இதற்காகத்தான்.

திங்கட்கிழமை யாரும் ஸ்டேட்மென்ட் எழுதுவதில்லை. முதல் பத்து நிமிடம் ஒரு பழைய செய்தியைச் சொல்வேன். 2007இல் யூகாஸ் சுமார் 50,000 விண்ணப்பங்களின் ஸ்டேட்மென்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டு வயதில் பைஜாமாவில் ஓட்டை விழும்படி எதையோ எரித்துவிட்டதாக 234 பேர் எழுதியிருந்தார்கள். இணையத்தில் இருந்த ஒரு மாதிரியிலிருந்து எல்லோரும் எடுத்தது. வயதான, நோயுற்ற தாத்தா 175 பேரின் ஸ்டேட்மென்டில் வந்திருந்தார். வகுப்பு சிரிக்கும். அப்புறம் அமைதியாகிவிடும், ஏனென்றால் பாதிப் பேர் மனதில் ஒரு தாத்தா இருந்திருப்பார்.

மீதி நேரம் முழுக்க நேர்காணல். இருவர் இருவராக உட்காருவார்கள். ஒருவர் பேச வேண்டும், மற்றவர் கேட்டு எழுத வேண்டும். கேட்பவருக்கு மூன்றே கேள்விகள்தான் அனுமதி. என்ன செய்தாய்? அங்கே என்ன பார்த்தாய்? அதற்குப் பிறகு எதைத் தேடிப் போனாய்? "எப்படி உணர்ந்தாய்" என்ற கேள்விக்குத் தடை. அதைக் கேட்டால் பதிலாக வருவது "ரொம்ப ஊக்கமாக இருந்தது" மட்டும்தான். பன்னிரண்டு நிமிடம் ஆனதும் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். முடிவில், எழுதிய தாளைப் பேசியவரிடமே கொடுத்துவிட வேண்டும். தான் பேசியதை இன்னொருவர் கையெழுத்தில் பார்ப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. முக்கியமில்லை என்று நினைத்துப் போகிற போக்கில் சொன்னதைக் கேட்டவர் இரண்டு வரியில் எழுதியிருப்பார். பெருமையாகச் சொன்ன பரிசை ஒரு சொல்லில் முடித்திருப்பார்.

ஒரு மாணவியை மட்டும் வாரம் முழுக்கத் தொடர்ந்து பார்ப்போம். பெயரை மாற்றித் தர்ஷினி என்கிறேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது கிழக்கு லண்டன். ஃபார்மசி படிக்க விண்ணப்பிக்கிறாள். வீட்டிலிருந்தே ஒரு வரைவு கொண்டுவந்திருந்தாள். அதன் தொடக்கத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "சிறு வயதிலிருந்தே அறிவியலில் எனக்குத் தீராத ஆர்வம் உண்டு. மருந்துகள் மனித உயிர்களைக் காப்பாற்றும் விதம் என்னை எப்போதும் வியக்க வைத்திருக்கிறது." இதில் பிழை எதுவும் இல்லை. ஃபார்மசிக்கு விண்ணப்பிக்கும் யார் பெயரை மேலே போட்டாலும் பொருந்தும் என்பதுதான் குறை.

அவளை நேர்காணல் செய்தவன் பொருளியல் படிக்கப் போகும் பையன். அவன் எழுதிக் கொடுத்த தாளில் பெரும்பகுதி, இரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரையைப் பற்றி இருந்தது. தர்ஷினியின் அம்மம்மா அவர்கள் வீட்டில்தான் இருக்கிறார். மற்ற மாத்திரைகளையெல்லாம் மருந்துக்கடையே கிழமை வாரியாகப் பிரித்து அட்டையில் அடைத்துக் கொடுத்துவிடுகிறது. வார்ஃபரின் மட்டும் தனிப் பெட்டியில் வரும், ஏனென்றால் இரத்தப் பரிசோதனையைப் பொறுத்து அதன் அளவு மாறிக்கொண்டே இருக்கும். அளவு ஒரு மஞ்சள் புத்தகத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்து மாலையில் எடுத்துக் கொடுப்பது இவள் வேலை. பழுப்பு மாத்திரை ஒரு மில்லிகிராம், நீலம் மூன்று, இளஞ்சிவப்பு ஐந்து. நான்கு மில்லிகிராம் என்றால் ஒரு பழுப்பும் ஒரு நீலமும்.

தாளைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள். "மிஸ், இதை எழுத முடியாதே. நீங்கள் சொன்ன 175 தாத்தாவில் என் அம்மம்மாவும் ஒருத்தி ஆகிவிடுவாளே" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. எழுதிப் பார், புதன்கிழமை உன் வாசகர்கள் சொல்லட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் எழுத்து. ஐம்பது நிமிடம் பேச்சே கிடையாது. இங்கே வரிசைதான் முக்கியம். முதலில் இரண்டாம் கேள்வி, அடுத்து மூன்றாவது. முதல் கேள்வியை அன்று வகுப்பில் தொடவே கூடாது. "ஏன் இந்தப் படிப்பு" என்று எடுத்த எடுப்பிலேயே எழுதச் சொன்னால் எல்லோருக்கும் அந்தத் தீராத ஆர்வம்தான் வருகிறது. செய்ததையும் படித்ததையும் தாளில் இறக்கி வைத்தபின் அதைத் திரும்பிப் பார்த்தால், ஏன் என்பதற்கான பதில் அதற்குள்ளேயே கிடக்கும். அதை அன்று இரவு வீட்டில் எழுதலாம், வரவில்லை என்றால் புதன்கிழமைக்கு வெற்றாக விட்டுவிட்டும் வரலாம். விண்ணப்பத்தில் போடும்போது அது முதல் இடத்துக்குப் போய்விடும்.

எழுத்து எண்ணிக்கையை அன்று பார்க்க விடமாட்டேன். ஐயாயிரம் வரை போனாலும் சரி. ஆரம்பத்திலேயே 4000க்குள் அடக்க நினைப்பவர்கள் முதலில் வெட்டுவது விவரத்தை. பொதுவாகச் சொன்னது அப்படியே நின்றுவிடும், சுருக்கமாக இருப்பதால்.

புதன்கிழமைதான் சக மாணவர் வாசிப்பு. வாரத்திலேயே கவனமாக நடத்த வேண்டிய மணி நேரம் இது. இந்த மாதிரி வாசிப்புக்குப் பெரும்பாலும் கெட்ட பெயர்தான். பிள்ளைகளிடம் வரைவை மாற்றிக் கொடுத்துக் கருத்துச் சொல்லுங்கள் என்றால் இரண்டில் ஒன்று நடக்கும். "சூப்பரா இருக்கு" என்று எழுதித் திருப்பிக் கொடுப்பார்கள், அல்லது பேனாவை எடுத்து அடுத்தவர் வாக்கியத்தைத் தங்கள் வாக்கியமாக மாற்றுவார்கள். இரண்டாவதுதான் அதிக ஆபத்து. யூகாஸ் ஒவ்வொரு ஸ்டேட்மென்டையும் தன்னிடம் இருக்கும் மற்ற ஸ்டேட்மென்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரே வகுப்பிலிருந்து ஒரே வாக்கியம் இரண்டு விண்ணப்பங்களில் போனால் இருவருக்குமே சிக்கல்.

அதனால் மும்மூன்று பேராக எட்டுக் குழுக்கள், பிரிப்பது நான். நெருங்கிய நண்பர்கள் ஒரே குழுவில் இருக்க மாட்டார்கள். ஒரே படிப்புக்கு விண்ணப்பிக்கும் இருவரையும் சேர்க்க மாட்டேன். துறை தெரியாதவர்தான் இந்த வேலைக்கு நல்ல வாசகர். தெரிந்தவர் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொண்டு போய்விடுவார், தெரியாதவருக்குத்தான் அங்கே கால் தடுக்கும்.

ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிடம். எழுதியவர் தன் வரைவை உரக்கப் படிப்பார். அதற்கு நான்கைந்து நிமிடம் ஆகும். கேட்பவர்கள் இருவர் கையிலும் ஒரு நகல் இருக்கும். அவர்கள் தாளில் இரண்டே குறிகள்தான் போடலாம். கண் முன் தெரிந்த இடத்தில் நேர்க்கோடு, யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் என்று தோன்றும் இடத்தில் நெளிகோடு. படித்து முடித்ததும் ஒரு நிமிடம் அமைதி. பிறகு வாசகர்கள் இருவரும் எங்கே கோடு போட்டோம் என்று சொல்லி, ஆளுக்கு ஒரு கேள்வி கேட்பார்கள். எழுதியவர் பதில் சொல்லக் கூடாது, கேள்வியைக் குறித்துக்கொள்ள மட்டும் வேண்டும். இந்த மௌனத்தைப் பிள்ளைகள் வெறுப்பார்கள். "இல்ல இல்ல, நான் சொல்ல வந்தது என்னன்னா..." என்று வாய் வரைக்கும் வந்துவிடும். வாயால் விளக்க வேண்டியிருக்கிறது என்றால் அந்த விளக்கம் தாளில் இல்லை என்று அர்த்தம். பல்கலைக்கழகத்தில் படிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க யாரும் இருக்க மாட்டார்கள். நகல்கள் கடைசியில் எழுதியவரிடமே திரும்பிவிடும், ஒன்றுகூட வெளியே தங்கக் கூடாது.

யாராவது தன் வாழ்வில் நடந்த கனமான ஒன்றை எழுதியிருந்தால் அந்தப் பத்தியைக் குழுவில் படிக்காமல் விட உரிமை உண்டு. அதை முந்தைய நாளே சொல்லிவிடுவேன், அந்த நிமிடத்தில் வகுப்பின் முன் கேட்க வேண்டிய நிலை வரக் கூடாது.

நான் அன்று எந்தக் குழுவிலும் உட்காருவதில்லை, சுற்றி வருவேன். தவறு நடப்பது கண்ணிலேயே தெரியும். யார் தாளிலாவது கோடுகளுக்குப் பதில் சொற்கள் எழுதப்பட்டிருந்தால் அங்கே திருத்தம் நடக்கிறது. பேசுபவரின் கண் தாளில் இல்லாமல் எழுதியவரின் முகத்தில் இருந்தால் அங்கே பாராட்டு நடக்கிறது. "நேர்க்கோடு எங்கே போட்டாய், அந்த வரியைப் படி" என்று கேட்டால் போதும், குழு திரும்ப வேலைக்கு வந்துவிடும்.

தர்ஷினியின் குழுவில் ஒருவன் நாடகம் படிக்கப் போகிறவன், இன்னொருத்தி புவியியல். அம்மம்மாவைப் பற்றிய பகுதியை அவள் தயங்கித் தயங்கித்தான் படித்தாள். இரண்டு நகலிலும் ஒரே இடத்தில் நேர்க்கோடு விழுந்திருந்தது: மஞ்சள் புத்தகம், ஒரு பழுப்பும் ஒரு நீலமும். அதற்கு அடுத்த வாக்கியத்தில் இரண்டு பேருமே நெளிகோடு போட்டிருந்தார்கள்: "இந்த அனுபவம் எனக்குப் பொறுப்புணர்வையும் கருணையையும் கற்றுத் தந்தது." 175 தாத்தாக்களின் கதை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. பாட்டி வந்தது குறையில்லை, பாட்டியை வைத்து என்ன முடிவு சொன்னாள் என்பதில்தான் குறை இருந்தது. நான் சொல்லியிருந்தால் இதை அறிவுரையாகக் கேட்டிருப்பாள். இரண்டு தாள்களில் கோடு ஒரே இடத்தில் விழுந்ததை அவளே பார்த்தாள்.

கேள்வி நேரத்தில் நாடகக்காரப் பையன் கேட்டது இது: "இவ்வளவு அக்கறை என்றால் நீ ஏன் டாக்டருக்குப் படிக்கவில்லை?" அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள், புவியியல் பெண் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். குறித்துக்கொண்டாள்.

வியாழனும் வெள்ளியும் தனிச் சந்திப்புகள். கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் திட்டத்தை எடுத்துச் செய்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஆளுக்கு ஆறு நிமிடம் என்றால் 24 பேருக்கு 144 நிமிடம். ஒரு மணி நேர வகுப்பில் தொடக்கமும் முடிவும் போக 45 நிமிடம்தான் கிடைக்கும், இரண்டு நாளும் சேர்த்து 90. பதினைந்து பேரைப் பார்த்துவிடலாம். மீதி ஒன்பது பேரை மூன்று மூன்றாகப் பிரித்து, இரண்டு நாளும் காலை வருகைப் பதிவு நேரத்திலும் வெள்ளி மதிய இடைவேளையிலும் பார்ப்பேன். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்கு விண்ணப்பிப்பவர்களின் கெடு அக்டோபர் நடுவிலேயே வந்துவிடுவதால் அவர்கள் வியாழனன்று முதலில். மற்றவர்களுக்கு ஜனவரி வரை இருக்கிறது.

ஆறு நிமிடம் குறைவாகத் தெரியலாம். பத்து நிமிடம் கொடுத்துப் பார்த்தேன். மீதி நான்கு நிமிடத்தில் நானே பேச ஆரம்பித்துவிடுகிறேன், மாணவர் தலையாட்டுகிறார். ஆறு நிமிடத்தில் ஒரு விஷயத்தைத்தான் பேச முடியும், ஒரு மாணவரால் அன்று இரவு செய்யக்கூடியதும் ஒரு விஷயம்தான்.

சந்திப்புக்கு வருபவர் ஒரு சீட்டு நிரப்பி எடுத்து வர வேண்டும். மூன்று வரி. என் வாசகர்கள் எங்கே நேர்க்கோடு போட்டார்கள்? அதற்குப் பிறகு நான் எதை மாற்றினேன்? இப்போது எந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்? சீட்டு இல்லாமல் வந்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். சீட்டு இல்லாதவர் கேட்பது எப்போதும் "இது போதுமா மிஸ்?" என்பதுதான், அந்தக் கேள்விக்கு என்னிடம் பயனுள்ள பதில் கிடையாது. எந்தப் பல்கலைக்கழகம் எதை எடுக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

முதல் இரண்டு நிமிடம் வரைவு மாணவர் கையிலேயே இருக்கும். நான் வாங்கினால் படிக்கத் தொடங்கிவிடுவேன், படிக்கத் தொடங்கினால் திருத்தத் தோன்றும். அவர் சீட்டைப் பார்த்துப் பேசட்டும். அடுத்த மூன்று நிமிடம், அவர் மாட்டிக்கொண்டிருக்கும் இடத்தை மட்டும் சேர்ந்து பார்ப்போம். பேனா அவரிடம்தான். கடைசி நிமிடம், இன்று இரவு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பேன். அதைச் சீட்டின் அடியில் அவரே எழுத வேண்டும். அவர் எழுதியது நான் நினைத்ததிலிருந்து வேறாக இருந்தால் சந்திப்பில் நான் தெளிவாகப் பேசவில்லை என்று புரியும். சீட்டை ஒரு படம் எடுத்துக்கொள்வேன்.

தர்ஷினி வெள்ளிக்கிழமை காலை வந்தாள். மாட்டிக்கொண்ட இடம் என்று எழுதியிருந்தது இரண்டாம் கேள்வி. அதில் வேதியியல், உயிரியல், கணிதம் என்று பாடத்துக்கு ஒரு வாக்கியமாக வரிசையாக எழுதியிருந்தாள். வேதியியல் பகுப்பாய்வுத் திறனை வளர்த்தது, கணிதம் துல்லியத்தை வளர்த்தது என்ற மாதிரி. இது நிறையப் பேர் செய்வது. மதிப்பெண் பட்டியல் ஏற்கெனவே விண்ணப்பத்தில் இருக்கிறது, அதையே வாக்கியமாக்கித் திரும்பச் சொல்வதால் படிப்பவருக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

"மருந்து அளவு எப்போதாவது மாறியதா?" என்று கேட்டேன். அது ஒன்றுதான் நான் கேட்டது.

மாறியதாம். ஒரு மாதம் அம்மம்மாவின் ஐஎன்ஆர், அதாவது இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் காட்டும் எண், இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே போய்விட்டது. மாத்திரை ஒரு நாள்கூடத் தவறவில்லை. மருந்துக்கடையில் அளவை மாற்றி வாங்கப் போனபோது அங்கிருந்த ஃபார்மசிஸ்ட், வீட்டில் சாப்பாடு ஏதாவது மாறியதா என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் நினைவு வந்தது. பக்கத்துக் கடையில் முருங்கைக்கீரை வரத் தொடங்கியிருந்தது. அம்மம்மா தினமும் கீரை சமைத்துக்கொண்டிருந்தார். கீரையில் வைட்டமின் கே அதிகம். இரத்தம் உறைய உடலுக்கு அந்த வைட்டமின் வேண்டும். உடல் அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த உதவும் ஒரு நொதியைத்தான் வார்ஃபரின் தடுக்கிறது. கீரை கூடினால் மருந்தின் வேலை குறையும். நொதியைத் தடுக்கும் பொருள்களைப் பற்றி அதே பருவத்தில் உயிரியல் வகுப்பில் படித்திருக்கிறாள். வீட்டுக்குப் போய் வார்ஃபரின் எந்த நொதியைத் தடுக்கிறது என்று தேடிப் படித்திருக்கிறாள்.

இது எதுவும் வரைவில் இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, "கீரையை எல்லாம் எழுதலாமா மிஸ்?" என்றாள்.

சீட்டின் அடியில் அவள் எழுதியது: "கேள்வி 2: மூன்று பாட வாக்கியங்களை எடுத்துவிட்டு நொதி, வார்ஃபரின், கீரை." அவ்வளவுதான். எழுந்து போகும்போது திரும்பி, "அந்தப் பையன் கேட்டதற்கும் இதுதானே பதில்" என்றாள். டாக்டர் எப்போதாவது ஒரு முறை பார்த்து அளவை முடிவு செய்கிறார். இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டது மருந்துக்கடையில் இருந்தவர். அவள் செய்ய விரும்பும் வேலை அது. வெற்றாக விட்டிருந்த முதல் கேள்விக்கு அப்படித்தான் பதில் கிடைத்தது.

எல்லாச் சந்திப்பும் இப்படி முடியாது. சிலருக்குச் சொல்ல எதுவுமே அகப்படாது, அவர்களைக் கோடையில் ஒரு நூலோ ஒரு வேலையோ தேடச் சொல்லி அனுப்பத்தான் முடியும். சிலர் வரைவு அளவுக்கு மீறி நன்றாக இருக்கும், அதுவும் ஒரு சிக்கல். அண்ணனோ காசு வாங்கும் ஆலோசகரோ எழுதியது என்று சந்தேகம் வந்தால் நான் குற்றம் சாட்டுவதில்லை. தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி, அந்த வாக்கியத்தில் என்ன சொல்ல வந்தாய் என்று பேச்சில் கேட்பேன். எழுதியவரானால் தாளில் உள்ளதைவிட அதிகமாகச் சொல்வார். இல்லாவிட்டால் வாக்கியத்தையே மறுபடி ஒப்பிப்பார். அப்போது பேச்சில் வந்ததை எழுதிக்கொள் என்று அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆறு நிமிடச் சந்திப்பில் சில பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். அம்மாவின் நோய், வீடு மாறியது, தேர்வு நேரத்தில் நடந்த சாவு. அப்போது கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, அன்றைய அடுத்த இரண்டு சந்திப்புகளை மாற்றிவைத்தாலும் பரவாயில்லை. பிள்ளையின் பாதுகாப்பைத் தொடும் எதுவானாலும் பள்ளியில் அதற்குப் பொறுப்பானவரிடம் சொல்லியாக வேண்டும், ரகசியமாக வைத்திருக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. விண்ணப்பத்தைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி உண்டு. மதிப்பெண்ணைப் பாதித்த சூழ்நிலையை மாணவர் ஸ்டேட்மென்டில் எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பள்ளி எழுதும் பரிந்துரையில் அதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. மாணவரின் சம்மதத்தோடு நாங்கள் அங்கே எழுதுவோம். ஸ்டேட்மென்டின் 4000 எழுத்துகளும் படிப்புக்கே மிஞ்சும். இதைக் கேட்டதும் தோள் தளர்ந்து மூச்சு விடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு நாளும் மற்றவர்கள் வகுப்பில் சும்மா இருப்பதில்லை. வியாழனன்று புதனின் கோடுகளை வைத்துத் திருத்தி எழுதுவார்கள். வெள்ளியன்று இரண்டாம் வாசிப்பு, புதிய ஒருவரோடு, எழுத்தில் மட்டும். நடுவில் ஒருவர் சந்திப்புக்கு எழுந்து போனாலும் அது கெடாது. இந்த வாசகர் செய்ய வேண்டியது ஒன்றே. படித்து முடித்துத் தாளைக் கவிழ்த்துவிட்டு, நினைவில் நிற்பது என்ன என்று மூன்று வரி எழுத வேண்டும். எழுதியவர் எது முக்கியம் என்று நினைத்தாரோ அது அந்த மூன்று வரியில் இல்லாவிட்டால், அது தாளில் எங்கோ புதைந்து கிடக்கிறது.

எண்ணிக்கைக்குள் அடக்குவது கடைசி இருபது நிமிட வேலை. அதற்குள் நெளிகோடுகள் தாமாகவே நிறையப் போயிருக்கும். தர்ஷினியின் வரைவு 4,600 எழுத்துகளில் இருந்தது. பாட வாக்கியங்கள் மூன்றும் கருணையும் பொறுப்புணர்வும் போனதில் கீரைக்கு இடம் கிடைத்து, 4,000க்குள் வந்து நின்றது.

வெள்ளி மதியம் கடைசி மூன்று பேரைப் பார்த்து முடிக்கும்போது மணி அடித்துவிடும். வரைவுகளை நான் வாங்கிக்கொள்வதில்லை, அவை விடுமுறைக்கு அவர்களோடு போகின்றன. என்னிடம் இருப்பது 24 சீட்டுகளின் படங்கள். செப்டம்பர் முதல் வாரம் வரைவைக் கேட்பதற்கு முன் அந்தப் படத்தை அவரவருக்கு அனுப்பி, அடியில் நீயே எழுதியதைச் செய்தாயா என்று கேட்பேன்.